அந்த இரண்டு அம்புக்குறிகள்

பல ஆண்டுகளாக உயிரியல் வகுப்பில் ஒரே படத்தை வரைந்து வந்திருக்கிறேன். கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு பட்டைகள். மேல் பட்டையில் ‘நீர்’ என்று எழுதி, இடமிருந்து வலமாக ஓர் அம்புக்குறி போடுவேன். கீழ்ப் பட்டையில் ‘இரத்தம்’ என்று எழுதி, வலமிருந்து இடமாக இன்னோர் அம்புக்குறி. பக்கத்தில் ‘எதிரோட்டம்’ என்று எழுதி அடிக்கோடு இடுவேன். மீனின் செவுளில் நீரும் இரத்தமும் எதிரெதிர்த் திசையில் ஓடுவதால் அதிக ஆக்சிஜன் கிடைக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். மாணவர்களும் அதை அப்படியே எழுதி முழு மதிப்பெண் வாங்கினார்கள். யாருக்கும் எந்தக் குறையும் இருக்கவில்லை.

ஒரு நாள் ஒரு மாணவி எழுந்து நின்றாள். “டீச்சர், ஒரே திசையில் ஓடினால்தானே நல்லது? ஆக்சிஜனே இல்லாத இரத்தம், ஆக்சிஜன் நிறைந்த நீரை முதலிலேயே சந்தித்துவிடும். வித்தியாசம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு வேகமாக விரவும் என்று போன வாரம் நீங்கள்தானே சொன்னீர்கள்?” என்று கேட்டாள். எதிரோட்டத்தில் முழு நீளத்துக்கும் வித்தியாசம் இருந்துகொண்டே இருக்கும் என்று நான் சொன்னேன். “ஆனால் அது சின்ன வித்தியாசம்தானே, டீச்சர்? பெரிய வித்தியாசத்தை விட்டுவிட்டு ஏன் சின்ன வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும்?” என்றாள். மணி அடித்துவிட்டது. அவள் உட்கார்ந்துவிட்டாள். எனக்குத்தான் உட்கார முடியவில்லை. அவள் சொன்னதில் எந்தத் தவறையும் என்னால் சுட்டிக்காட்ட முடியவில்லை. பாடப் புத்தகம் சொல்வது சரி என்று எனக்குத் தெரியும். அது ஏன் சரி என்று தெரிந்ததாக நினைத்திருந்தேன், அவ்வளவுதான்.

நீரில் இருப்பதே கொஞ்சம்

அன்று வீட்டுக்கு வந்து முதலில் செய்தது, மீன் எவ்வளவு நெருக்கடியில் மூச்சு விடுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்ததுதான். ஒரு லிட்டர் காற்றில் சுமார் 210 மில்லிலிட்டர் ஆக்சிஜன் இருக்கிறது. 20 டிகிரி வெப்பத்தில், காற்றோடு நன்றாகக் கலந்த ஒரு லிட்டர் நன்னீரில் கரைந்திருப்பது சுமார் 6.5 மில்லிலிட்டர். முப்பதில் ஒரு பங்கு. ஆனால் இந்த முப்பது மடங்கு என்ற எண் மீனின் சிரமத்தை முழுதாகக் காட்டவில்லை. எடையில் பார்த்தால்தான் அது புரிகிறது. ஒரு மில்லிலிட்டர் ஆக்சிஜன் அடங்கியிருக்கும் காற்று ஏறத்தாழ 5 மில்லிலிட்டர். அதன் எடை 6 மில்லிகிராம்கூட இல்லை. அதே ஒரு மில்லிலிட்டர் ஆக்சிஜனுக்கு மீன் ஏறத்தாழ 150 கிராம் நீரைச் செவுள் வழியாகத் தள்ள வேண்டும், அதுவும் நீரில் உள்ளதை ஒரு துளி விடாமல் எடுத்துக்கொண்டால். பாதியை மட்டும் எடுத்தால் 300 கிராம். நீர் கனமானது மட்டுமல்ல, காற்றைவிட ஐம்பது மடங்கு பிசுபிசுப்பும் உடையது. மெல்லிய இடுக்குகள் வழியாக அதைத் தள்ளுவதற்குத் தசை உழைக்க வேண்டும். அந்த உழைப்புக்கும் ஆக்சிஜன் வேண்டும்.

ஆகவே மீனுக்கு ‘வேகமாக எடுப்பது’ பெரிய விஷயமல்ல. தள்ளிவந்த நீரில் எத்தனை பங்கை எடுக்க முடிகிறது என்பதுதான் பெரிய விஷயம். இந்த இரண்டும் வேறுவேறு கேள்விகள் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. என் மாணவி முதல் கேள்வியைக் கேட்டாள். நான் இரண்டாவதற்கான விடையை, அது இரண்டாவதற்கானது என்று தெரியாமலேயே, அவளிடம் நீட்டியிருக்கிறேன்.

பத்துக் கட்டங்கள்

ஒரு தாளை எடுத்து நீர்ப் பட்டையையும் இரத்தப் பட்டையையும் பத்துக் கட்டங்களாகப் பிரித்தேன். எளிமைக்காகச் சில அனுமானங்கள். உள்ளே வரும் நீரின் ஆக்சிஜன் அளவு 100. உள்ளே வரும் இரத்தத்தில் 0. ஒரு நொடியில் கடந்துபோகும் நீரும் இரத்தமும் ஒரே அளவு ஆக்சிஜனைத் தாங்கக்கூடியவை. அதாவது நீர் 10 இழந்தால் இரத்தம் 10 ஏறும். வித்தியாசம் 10 ஆக இருந்தால் ஒரு கட்டத்தில் 9 கடக்கும் என்று வைத்துக்கொண்டேன். வித்தியாசம் இரட்டித்தால் கடப்பதும் இரட்டிக்கும். இதுதான் விரவலின் விதி.

முதலில் என் மாணவி சொன்ன வழி. இரண்டும் ஒரே திசையில் ஓடுகின்றன. முதல் கட்டத்தின் வாசலில் வித்தியாசம் முழு 100. அது அப்படியே நின்றால் ஒரே கட்டத்தில் 90 கடந்துவிடும். ஆனால் நிற்காது. கடக்கக் கடக்க நீர் இறங்குகிறது, இரத்தம் ஏறுகிறது, இரண்டு பக்கமிருந்தும் வித்தியாசம் கரைகிறது. முதல் கட்டம் முடியும்போது இரத்தத்தில் 42, நீரில் 58. பரவாயில்லை, 42 என்பது பெரிய அறுவடைதான். இரண்டாம் கட்டம் முடியும்போது இரத்தத்தில் 49, நீரில் 51. மூன்றாம் கட்டத்தில் இரண்டுமே 50-ஐத் தொட்டுவிட்டன. மிச்சம் ஏழு கட்டங்கள் இருக்கின்றன. அவற்றில் நீரும் இரத்தமும் பக்கத்துப் பக்கத்தில் சும்மா ஓடிக்கொண்டிருக்கின்றன. தோல் மெல்லியதாக இருக்கிறது, நேரம் இருக்கிறது, நீரில் இன்னும் பாதி ஆக்சிஜன் இருக்கிறது. ஆனால் தள்ளுவதற்கு வித்தியாசம் இல்லை.

அடுத்து எதிரோட்டம். இங்கே இரத்தம் உள்ளே நுழைவது, நீர் வெளியேறும் முனையில். அங்கே நீரில் எஞ்சியிருப்பது 10, இரத்தத்தில் 0. வித்தியாசம் 10, ஒரு கட்டத்தில் 9 கடக்கிறது. அடுத்த கட்டத்தில் இரத்தம் 9 ஆகிவிட்டது, ஆனால் அது சந்திக்கும் நீர் இன்னும் கொஞ்சம் புதிது, 19. வித்தியாசம் மறுபடியும் 10. அடுத்ததில் 18-க்கு எதிரே 28. இப்படியே ஒவ்வொரு படியாக ஏறி, கடைசியில் இரத்தம் 90 ஆகும்போது அதன் எதிரே அப்போதுதான் வாய் வழியே நுழைந்த 100 நிற்கிறது. இரத்தம் எவ்வளவு நிறைந்தாலும், தன்னைவிட நிறைந்த நீர் ஒன்று எதிரே வந்துகொண்டே இருக்கிறது.

தாளில் இரண்டு வரிசைகளையும் அருகருகே எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையாகவே விளங்கியது. ஒரே திசை: 42, 49, 50, 50, 50. எதிர்த் திசை: 9, 18, 27, 36, 45. ஐந்து கட்டங்கள் முடிந்த பிறகும் எதிரோட்டம் பின்தங்கித்தான் இருக்கிறது. ஆறாவது கட்டத்தில்தான் 54 என்று முந்துகிறது. பிறகு 63, 72, 81, 90 என்று போய்க்கொண்டே இருக்கிறது, மற்றது 50-இல் நின்றுவிட்டது. என் மாணவி தவறாகச் சொல்லவில்லை. முதல் கட்டத்தை மட்டும் பார்த்தால் அவள் சொன்னது முழு உண்மை. நான்தான் அந்த முதல் கட்டத்தைத் தாண்டி அவளை அழைத்துப் போகவில்லை.

இன்னொன்றும் செய்து பார்த்தேன். செவுளின் பரப்பை ஒன்பதில் ஒரு பங்காகக் குறைத்தால் என்ன ஆகும்? எதிரோட்டத்தில் 50 கிடைக்கிறது, ஒரே திசையில் 43. வித்தியாசம் சொற்பம். பரப்பை இன்னும் குறைத்தால் இரண்டுக்கும் இடையே வேறுபாடே இல்லாமல் போகிறது. ஆக, திசை மட்டும் எதையும் செய்துவிடுவதில்லை. இரண்டு ஓட்டங்களும் போதிய பரப்பில் போதிய நேரம் உரசிக்கொண்டு போனால்தான் எதிரோட்டம் தன் பலனைக் காட்டும். நான் வரைந்த இரண்டு அம்புக்குறிகளில் இந்தப் பரப்பு எங்கேயுமே இல்லை. அதைப் பார்க்க உண்மையான செவுள் வேண்டும்.

கணக்கில் ஒரு அனுமானத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நீரும் இரத்தமும் ஒரே அளவு தாங்கும் என்றேன். 100 மில்லிலிட்டர் மீன் இரத்தம், ஹீமோகுளோபின் இருப்பதால், சுமார் 10 மில்லிலிட்டர் ஆக்சிஜனைத் தாங்கும். 100 மில்லிலிட்டர் நீரில் 0.65-தான். ஆகவே ஒரு பங்கு இரத்தத்துக்கு ஏறத்தாழ பதினைந்து பங்கு நீர் ஓடினால்தான் என் கணக்கு பொருந்தும். மீன்கள் உண்மையிலேயே பத்து முதல் இருபது பங்கு வரை நீரை ஓடவிடுகின்றன. இந்தப் பொருத்தத்தைப் பார்த்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ஒரே திசை ஓட்டத்தில் இரத்தத்தை 50-க்கு மேல் ஏற்றவே முடியாதா என்றால், முடியும். நீரை இரட்டிப்பாகத் தள்ளினால் இரத்தம் 67 ஆகும். ஆனால் அப்போது தள்ளிய நீரில் மூன்றில் ஒரு பங்கைத்தான் எடுத்திருப்போம். மீதியைச் சுமந்ததெல்லாம் வீண்.

ஒரு கிண்ணம் நீரில்

சில வாரங்கள் கழித்து ஆய்வகத் தொட்டியில் ஒரு பெரிய கெண்டை இறந்துபோயிருந்தது. அதன் செவுள் மூடியைத் தூக்கி, ஒரு செவுள் வளைவை இரண்டு முனைகளிலும் வெட்டி எடுத்தேன். ஒரு பக்கத்துக்கு நான்கு வளைவுகள் இருக்கும். பிறை போல் வளைந்த வெளுத்த எலும்பு. உட்பக்கம் குட்டையான முட்கள், அவை உணவு செவுளுக்குள் போகாமல் தடுப்பவை. வெளிப்பக்கம் சிவந்த இழைகள், இரண்டு வரிசையாக, V எழுத்து போல் விரிந்து. என் கையில் அது ஈரமான தூரிகை போல் ஒட்டிக் கிடந்தது. வெள்ளைக் கிண்ணத்தில் நீரை ஊற்றி உள்ளே விட்டேன். அடுத்த கணமே இழைகள் தனித்தனியாகப் பிரிந்து விரிந்தன. நீரிலிருந்து தூக்கினேன், மறுபடியும் ஒட்டிக்கொண்டன. விட்டேன், விரிந்தன. அந்த மாணவியை அழைத்து அவள் கையில் இடுக்கியைக் கொடுத்தேன். அவள் ஏழெட்டு முறை தூக்கித் தூக்கி விட்டுப் பார்த்தாள்.

“காற்றில் மீன் ஏன் சாகிறது என்பது இதுதானா, டீச்சர்?” என்றாள். பெரும்பாலும் இதுதான். காற்றில் ஆக்சிஜன் முப்பது மடங்கு இருந்தும், இழைகளும் அவற்றின் மேலுள்ள தகடுகளும் ஒன்றோடொன்று ஒட்டிவிடுவதால் பரப்பு போய்விடுகிறது. நீர்தான் அவற்றைத் தாங்கிப் பிரித்து வைக்கிறது.

ஓர் இழையை நறுக்கி நுண்ணோக்கியில் வைத்தோம். இழையின் இரண்டு முகங்களிலும் சீப்பின் பற்களைப் போல நுண்தகடுகள் நெருக்கமாக நின்றன. ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் இருபது, முப்பது தகடுகள். நான் கரும்பலகையில் வரைந்த இரண்டு பட்டைகளின் உண்மையான இடம் இதுதான். நீர் இழையின் நீளவாக்கில் ஓடுவதில்லை. பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், நானும் தொடக்கத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது இழைக்குக் குறுக்காக, இரண்டு தகடுகளுக்கு நடுவே உள்ள இடுக்கில் நுழைந்து மறுபக்கம் வெளியேறுகிறது. இதயத்திலிருந்து வரும் ஆக்சிஜன் குறைந்த இரத்தம், நீர் வெளியேறும் பக்கத்து ஓரத்தில் உள்ள தமனி வழியாக இழைக்குள் வருகிறது. அங்கிருந்து ஒவ்வொரு தகட்டுக்குள்ளும் மெல்லிய படலமாகப் பரவி, நீர் நுழையும் பக்கத்து ஓரத்தில் உள்ள தமனியில் சேர்ந்து உடலுக்குப் போகிறது. எதிரோட்டம் என்று நாம் பெரிதாகச் சொல்வது முழுவதும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அகலத்துக்குள் நடந்து முடிகிறது.

இடுக்கு ஏன் இவ்வளவு குறுகலாக இருக்க வேண்டும்? நீரில் ஆக்சிஜன் விரவும் வேகம் காற்றில் உள்ளதைவிடப் பல்லாயிரம் மடங்கு குறைவு. தூரம் பத்து மடங்கு கூடினால் நேரம் நூறு மடங்கு கூடும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தூரத்தை ஆக்சிஜன் கடக்க ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு விநாடி போதும். ஒரு முழு மில்லிமீட்டரைக் கடக்க நான்கு நிமிடம் ஆகும். இடுக்கின் நடுவே ஓடும் நீர், ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டுமென்றால் தகடு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும். தகடுகளை நெருக்கினால் விரவல் எளிது, ஆனால் நீரைத் தள்ளுவது கடினம். ஒவ்வொரு மீனும் தன் வாழ்க்கைக்கு ஏற்ப இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தில் நிற்கிறது. ஓயாமல் வேகமாக நீந்தும் சூரை மீனின் தகடுகள் மிக நெருக்கம், தோலும் மிக மெல்லியது. அது வாயைத் திறந்துகொண்டே நீந்தி நீரை உள்ளே செலுத்துகிறது. நீந்துவதை நிறுத்தினால் அதற்கு மூச்சும் நின்றுவிடும்.

மற்ற மீன்கள் வாயாலும் செவுள் மூடியாலும் மாறி மாறி இறைக்கின்றன. வாய் திறந்து அடித்தளம் தாழும்போது நீர் உள்ளே வருகிறது. வாய் மூடி அடித்தளம் எழும்பும்போது நீர் செவுளுக்குத் தள்ளப்படுகிறது. அதே நேரத்தில் மூடியின் உட்புற அறை விரிந்து மறுபக்கத்திலிருந்து உறிஞ்சுகிறது. ஒன்று தள்ள ஒன்று இழுக்க, தகடுகளின் நடுவே ஓட்டம் ஏறக்குறைய விடாமல் ஒரே திசையில் நடக்கிறது. இது முக்கியம். நீர் முன்னும் பின்னும் போய்வந்தால் என் பத்துக் கட்டக் கணக்கு குலைந்துபோகும்.

நீரைத் திருப்பிவிட்டபோது

இதை உயிருள்ள மீனில் சோதித்திருக்கிறார்கள். 1952-இல் ஹாசெல்ஹோஃப், எவென்ஹாய்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள், கெண்டை இனத்தைச் சேர்ந்த டென்ச் என்ற நன்னீர் மீனின் செவுளில் நீரை வழக்கமான திசையிலும், பிறகு திருப்பி எதிர்ப்பக்கத்திலிருந்தும் செலுத்தினார்கள். வழக்கமான திசையில் மீன் நீரிலிருந்த ஆக்சிஜனில் 51 சதவீதத்தை எடுத்தது. திருப்பிவிட்டதும் அது 9 சதவீதமாக விழுந்தது.

இந்த எண்களைப் பல இடங்களில் எதிரோட்டத்துக்கு நேரடிச் சான்றாகக் காட்டுகிறார்கள். தாளில் கணக்குப் போட்ட பிறகு எனக்கு அதில் ஒரு தயக்கம் வந்தது. எதிரோட்டத்தில் ஏறக்குறைய 50 எடுக்கும் செவுள், ஒரே திசை ஓட்டத்தில் சுமார் 43 எடுத்திருக்க வேண்டும். 9 வரை விழுவதற்குத் திசை மாற்றம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. நீரைப் பின்னாலிருந்து தள்ளும்போது, முன்பக்க ஓட்டத்துக்கென்று அமைந்த இழைகள் கலைந்து நீர் தகடுகளுக்கு இடையே நுழையாமல் விலகிப் போயிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அடுத்தடுத்த வளைவுகளின் இழை நுனிகள் ஒன்றையொன்று தொட்டுத் திரை போல் நிற்பதால்தான் நீர் இடுக்குகள் வழியே போகிறது. அந்தத் திரை கலைந்தால் திசை எதுவாக இருந்தாலும் பயனில்லை. ஆகவே அந்தச் சோதனை எதிரோட்டத்தை மறுக்கவில்லை. ஆனால் அது அளந்தது எதிரோட்டத்தை மட்டும் அல்ல.

மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் இதே வேறுபாட்டைத் தினமும் சந்திக்கிறார்கள். மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தால், நீரில் ஆக்சிஜன் குறைந்திருக்கலாம். வெயிலில் நீர் சூடேறியிருக்கும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும் ஆக்சிஜன் 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான் கரையும். காற்றுக் குமிழி விட்டால் மீன்கள் சற்று நேரத்தில் தேறிவிடும். ஆனால் சில நேரம் குமிழி ஓடிக்கொண்டே இருக்கும், அளந்தால் ஆக்சிஜன் நிறைய இருக்கும், மீன் மட்டும் மூடியை வேகமாக அடித்துக்கொண்டு திணறும். அப்போது குறை நீரில் இல்லை, செவுளில் இருக்கிறது. அம்மோனியா நாள்பட நின்ற நீரில் தகடுகளின் தோல் தடித்து, பக்கத்துத் தகடுகளோடு சேர்ந்துவிடும். இடுக்கு அடைபட்டு, கடக்க வேண்டிய தூரமும் கூடிவிடும். நைட்ரைட் அதிகமானால் தகடுகள் நன்றாகவே இருக்கும், ஆனால் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிக்க முடியாமல் போகும். மூடியைத் தூக்கிப் பார்த்தால் செவுள் சிவப்பாக இல்லாமல் பழுப்பாக இருக்கும். மூன்று நிலைகளிலும் மீன் ஒரே மாதிரிதான் திணறுகிறது. எந்தக் கட்டத்தில் ஓட்டம் அறுந்தது என்பதுதான் வேறு.

அந்த மாணவிக்குத் தாளைக் காட்டினேன். 42-க்கும் 9-க்கும் மேல் விரல் வைத்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு ஆறாவது கட்டத்தைக் காட்டி, “இங்கேதான் நான் தோற்கிறேன்” என்றாள். இல்லை, அதுவரை நீ ஜெயித்துக்கொண்டிருந்தாய் என்றேன். “அப்படியானால் நம் நுரையீரலில் ஏன் எதிரோட்டம் இல்லை, டீச்சர்?” என்று உடனே கேட்டாள். நாம் இழுக்கும் காற்று ஒரே வழியில் போய்வருகிறது, பழைய காற்றோடு கலந்துவிடுகிறது, ஆகவே எதிரே எதையும் ஓடவிட முடியாது. உள்ளிழுத்த ஆக்சிஜனில் கால் பங்கைத்தான் எடுக்கிறோம். ஆனால் 6 மில்லிகிராம் காற்றைத் தள்ளுவதற்கு யாரும் மூச்சிரைப்பதில்லை. அவள் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் பத்துக் கட்டங்களை மறுபடியும் வரைய ஆரம்பித்தாள்.